முகவரிக்குள் இருக்கும் சாதி: தங்கவயலும் பணித்தேர்வுச் சாட்பாட்டும்

கோலார் தங்கவயலின் கடைசி ரயில் நிலையம் மாரிக்குப்பம். அங்கிருந்து சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் வழியாகப் பங்காருப்பேட்டை சென்று, பிறகு பெங்களூருவை அடையும் ரயில்களே இன்று அவ்வூரின் பிழைப்பு. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கத் தொழில், பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டதோடு முடிந்தது. அதன்பின் ஒரு தலைமுறை முழுவதும் பெங்களூருவின் அழைப்பு மையங்களுக்கும் கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் மருத்துவமனை வரவேற்பறைகளுக்கும் வேலை தேடிச் செல்கிறது. இத்தகைய வேலைகளுக்கு விண்ணப்பிப்பவர் முதலில் சந்திப்பது மேலாளரை அல்ல என்ற நிலை பரவிவருகிறது. கைபேசியில் ஒரு சாட்பாட் திறக்கிறது. பெயர் என்ன, எங்கே வசிக்கிறீர்கள், என்ன படித்தீர்கள், முன்பு எங்கே வேலை பார்த்தீர்கள், இரவுப் பணிக்கு வர இயலுமா என்று வரிசையாகக் கேட்கிறது. இறுதியில் விண்ணப்பதாரர் கண்ணில் படாத ஒரு மதிப்பெண்ணும், மேலாளருக்கான ஒரு சுருக்கக் குறிப்பும் உருவாகின்றன. யார் அடுத்த கட்டத்திற்குச் செல்வது என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

இத்தகைய சாட்பாட்டில் சாதி, பாலினம், வட்டாரம் சார்ந்த பாகுபாடு இருக்கிறதா என்று கேட்டால், பலரும் தரும் விடை ஒன்றுதான்: ஒரே விண்ணப்பத்தில் பெயரை மட்டும் மாற்றி இருமுறை கொடுத்துப் பார்த்தோம், மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை, ஆகவே பாகுபாடு இல்லை. இணைச் சோதனை என்ற முறை மிகச் சிறந்தது. ஆனால் பெயரை மாற்றும் வடிவத்தை அப்படியே எடுத்துவந்து தமிழர்மீது, குறிப்பாகத் தங்கவயல் போன்ற ஓர் ஊரின்மீது பொருத்தினால், அது எதையும் அளப்பதில்லை. அளக்காத ஒன்றிற்கு நற்சான்று வழங்குகிறது. சோதனையே செய்யாமல் இருப்பதைவிட இது தீங்கானது. சோதனை இல்லாத இடத்தில் ஐயமாவது எஞ்சியிருக்கும். போலிச் சான்று அந்த ஐயத்தையும் துடைத்துவிடும்.

முறையின் வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். இந்தியாவில் வேலைவாய்ப்புப் பாகுபாட்டை இணை விண்ணப்பங்கள்மூலம் அளந்த முன்னோடி ஆய்வு சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் ஆகியோருடையது. 2007இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் அது வெளிவந்தது. நாளிதழ்களில் வந்த 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதிகள் சமம், குடும்பப் பெயர் மட்டும் உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் என வேறுபட்டது. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு வீதத்தோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. அபிஜித் பானர்ஜி உள்ளிட்டோர் 2009இல் வெளியிட்ட தில்லி ஆய்வில் 371 பணியிடங்களுக்கு 3,160 விண்ணப்பங்கள் சென்றன. மென்பொருள் வேலைகளில் சாதிப் பாகுபாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை. அழைப்பு மைய வேலைகளிலோ உயர்சாதியினருக்கும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் இடையே தெளிவான இடைவெளி தெரிந்தது. பட்டியல் சாதியினர் விஷயத்தில் அது சற்றுக் குறைவாக இருந்தது. சென்னையில் ஸாரா சித்திக் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒடுக்கப்பட்ட சாதி விண்ணப்பதாரர் அதே எண்ணிக்கையிலான அழைப்புகளைப் பெற 20 விழுக்காடு கூடுதல் விண்ணப்பங்களை அனுப்ப வேண்டியிருந்தது.

தில்லி ஆய்வின் வேறுபாடு இங்கே முக்கியமானது. நிரல் எழுதும் திறனைச் சான்றிதழாலும் தேர்வாலும் ஓரளவு அளக்கலாம். அழைப்பு மையத்தில் அளக்கப்படுவது பேச்சு, பழக்கம், ‘பொருத்தம்’ ஆகியவை. அளவுகோல் எங்கே தளர்வாக இருக்கிறதோ அங்கே சாதி நுழைய இடம் கிடைக்கிறது என்று அந்த முடிவை வாசிக்கலாம். சாட்பாட்டுகள் வடிகட்டுவதும் பெரும்பாலும் இத்தகைய வேலைகளுக்கே.

இந்த ஆய்வுகளில் சாதியை உணர்த்திய முதன்மைக் குறி பெயர். வட இந்தியச் சூழலில் குறிப்பாகக் குடும்பப் பெயர். தமிழ்ப் பெயரில் அந்த உறுப்பே இல்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானம் நிறைவேற்றியது. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் என்ற வடிவமே இன்று தமிழர்களின் வழக்கம். ‘செ. மகேஸ்வரி’ என்ற பெயரைப் பார்த்து எவராலும் சாதியை உறுதியாகச் சொல்ல முடியாது. தங்கவயலில் இது மேலும் சிக்கலானது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் ஆழ வேரூன்றியது. ‘தமிழன்’ இதழ் பின்னாளில் ஜி. அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்தே நடத்தப்பட்டது. அந்த மரபில் வந்த கௌதமன், சித்தார்த்தன் போன்ற பெயர்கள் இன்று எல்லாச் சாதியினரிடமும் வழங்குகின்றன. பெயரை மாற்றிச் சோதிப்பவர் இங்கே சாதியை மாற்றவில்லை. எழுத்துகளை மாற்றுகிறார், அவ்வளவே. வேறுபாடு இல்லை என்ற முடிவு அப்போது சாட்பாட்டின் நேர்மையைக் காட்டுவதில்லை. சோதனையில் குறியே இல்லை என்பதைத்தான் காட்டுகிறது.

அப்படியானால் தங்கவயலில் சாதி எங்கே இருக்கிறது? முகவரியில் இருக்கிறது. வட ஆர்க்காடு, சித்தூர் போன்ற மாவட்டங்களிலிருந்து சுரங்கத்தின் அடியாழ வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். அவர்கள் குடியமர்த்தப்பட்ட வரிசை வீடுகளே ‘லைன்’ எனப்பட்டன. சுரங்கத்தை ஒட்டிய லைன்களும், கடைவீதியும் வணிகர் குடியிருப்பும் கொண்ட ராபர்ட்சன்பேட்டையும் ஒரே ஊரின் இரு பகுதிகள். ஆனால் அவற்றின் சமூக வரலாறு ஒன்றல்ல. முகவரியில் ‘சாம்பியன் ரீஃப்’ என்பதோடு ஒரு லைனின் பெயரும் வந்துவிட்டால், உள்ளூரை அறிந்தவருக்குக் குடும்பப் பெயர் தேவைப்படாது. தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் ‘சுரங்கத் தொழிலாளி’ என்று எழுதுவதும் அதையேதான் சொல்கிறது.

ஆகவே இணையை முகவரியில் அமைக்க வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு. பெங்களூரு ஜெயநகர் முகவரியையும் சாம்பியன் ரீஃப் முகவரியையும் ஒப்பிட்டால், சாட்பாட் காட்டும் வேறுபாட்டுக்குத் தொலைவு என்ற எளிய விளக்கம் கிடைத்துவிடும். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம் செய்பவர் வேலையில் நீடிக்கமாட்டார் என்று நிறுவனம் வாதிடலாம். அது முற்றிலும் பொய்யான வாதமும் அல்ல. எனவே ஒப்பீடு தங்கவயலுக்குள்ளேயே நிகழ வேண்டும். ஒரே ரயில், ஒரே பயண நேரம், ‘563’ என்றே தொடங்கும் அஞ்சல் எண், ஒரே படிப்பு. மாறுவது ஒன்று மட்டுமே:

```
அ: செ. மகேஸ்வரி | பி.காம். | 2 ஆண்டு அனுபவம்
   முகவரி: ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்
ஆ: செ. மகேஸ்வரி | பி.காம். | 2 ஆண்டு அனுபவம்
   முகவரி: சாம்பியன் ரீஃப் லைன், கோலார் தங்கவயல்
இ: செ. மகேஸ்வரி | பி.காம். | 2 ஆண்டு அனுபவம்
   முகவரி: பெமல் நகர், கோலார் தங்கவயல்
மூன்றிலும்: "காலை 9 மணிக்குள் பணியிடத்தில் இருப்பேன்."
```

மூன்றாவது முகவரிக்குக் காரணம் உண்டு. லைன் என்ற சொல் சாதியோடு வறுமையையும் உணர்த்துகிறது. பெமல் நகர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் குடியிருப்பு. அங்கும் வாழ்ந்தது தொழிலாளர் குடும்பங்களே, ஆனால் சாதிக் கலப்பு வேறு. ‘ஆ’ மட்டும் தாழ்ந்து, ‘அ’வும் ‘இ’யும் ஒன்றாக நின்றால், வர்க்கம் மட்டுமே காரணம் என்ற விளக்கம் வலுவிழக்கிறது. அப்போதும் முடிவை ‘முகவரி விளைவு’ என்று எழுதுவதே நேர்மை. தங்கவயலின் வரலாறு சாதியையும் வர்க்கத்தையும் ஒரே லைனில் குடியமர்த்தியது. அவற்றை மூன்று முகவரிகளால் முழுமையாகப் பிரித்துவிட முடியாது.

சாதியை இன்னும் நேராகத் தொடும் ஓர் இணையும் இருக்கிறது. கர்நாடகத்தில் பட்டியல் சாதி மாணவர்களுக்கான விடுதிகளைச் சமூக நலத்துறை நடத்துகிறது. பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கான விடுதிகளைப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்துகிறது. ‘எங்கே தங்கிப் படித்தீர்கள்’ என்ற வினாவுக்கு ஒரு விண்ணப்பம் முதலாவதையும் மற்றொன்று இரண்டாவதையும் விடையாகத் தரலாம். இரண்டும் அரசு விடுதிகள். திறமை குறித்து இரண்டும் கூடுதலாக எதுவும் சொல்வதில்லை. சாதிக்கான உதவித்தொகையையும் மதிப்பெண்ணுக்கான உதவித்தொகையையும் இணையாக்குபவர்கள் செய்யும் பிழை இதில் நேராது. அங்கே சாதியோடு திறமையின் குறியும் மாறிவிடுகிறது. இணை இணையாக இருப்பதில்லை.

குறியை அமைத்தால் போதாது. அது படிக்கப்படுகிறதா என்றும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். மனிதத் தேர்வாளரைச் சோதித்த காலத்தில், அந்த வட்டாரத்தவர் சிலரிடம் விண்ணப்பங்களைக் காட்டி, இவர் யார் என்று நினைக்கிறீர்கள் எனக் கேட்டால் போதும். சாட்பாட்டின் அறிவு வேறு வகையானது. சாம்பியன் ரீஃப் லைன் என்றால் என்ன என்று பெங்களூரு மேலாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் சுரங்கத் தொழிலாளர் வரலாறு குறித்த கட்டுரைகளையும் பயிற்சித் தரவாக விழுங்கிய மொழி மாதிரிக்கு அது தெரிந்திருக்கக்கூடும். அறியாமையால் நடுநிலையாக இருந்த ஒரு மேலாளருக்குக்கூட, சாட்பாட்டின் மதிப்பெண் அந்த அறியாத சாதியைக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். இந்தியச் சாதி, மத வார்ப்புகளைச் சோதிக்க 2023இல் வெளியான ‘இந்தியன்-பெட்’ தரவுத்தொகுதி, தான் ஆராய்ந்த மொழி மாதிரிகளில் பெரும்பாலானவை வார்ப்பு வாக்கியங்களின் பக்கமே வலுவாகச் சாய்வதைக் காட்டியது. மாதிரிக்குள் அந்த அறிவு இருக்கிறது என்பதற்கு அது சான்று. அது பணித்தேர்வில் வெளிப்படுகிறதா என்பது தனியே அளக்க வேண்டியது.

மொழி மாதிரியின் அறிவில் இன்னொரு கோணலும் உண்டு. 2018இலும் 2022இலும் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்.’ திரைப்படங்களுக்குப் பிறகு, இணையத்தில் அந்த மூன்று எழுத்துகள் கொலையோடும் கும்பலோடும் சேர்ந்தே புழங்குகின்றன. அங்கே வாழ்பவர்களோ தம் ஊரைக் கே.ஜி.எஃப். என்றுதான் எழுதுகிறார்கள். ஒரே முகவரியை `KGF` என்றும், ‘கோலார் தங்கவயல்’ என்றும், ‘கோலார் மாவட்டம்’ என்றும் மூன்று வகையாக எழுதிக் கொடுத்து மதிப்பெண்ணைப் பார்ப்பது எளிய சோதனை. வேறுபாடு தெரிந்தால், வட்டாரப் பாகுபாடு என்று நாம் அழைப்பது ஓர் ஊரின்மீதான கருத்துகூட அல்ல. ஒரு சொல்லின்மீது படிந்த வண்டல்.

பாலினத்திற்கு வரும்போது இலக்கணம் குறுக்கிடுகிறது. இந்தியில் தன்மை வினைமுற்றே பால் காட்டும். ‘நான் வேலை செய்கிறேன்’ என்பதை ஆணும் பெண்ணும் வெவ்வேறு வடிவில்தான் எழுத முடியும். ஆகவே இந்தியில் இணை அமைப்பவர் விடைகள் முழுவதிலும் வினைகளை மாற்ற வேண்டும். தமிழில் தன்மைக்குப் பால் இல்லை. ‘இரண்டு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் பணியாற்றினேன்’ என்ற வாக்கியம் இருபாலருக்கும் பொது. பெயரை மட்டும் மாற்றினால் தூய்மையான இணை கிடைத்துவிடுகிறது. பாலினச் சோதனையைப் பொறுத்தவரை தமிழ் தரும் அரிய வசதி இது.

ஆனால் பால், சாட்பாட்டின் எழுத்தில் திரும்பி வருகிறது. மேலாளருக்கான சுருக்கக் குறிப்பு படர்க்கையில் எழுதப்படும். அங்கே ‘பணியாற்றினார்’ என்பதா, ‘பணியாற்றினாள்’ என்பதா என்று மாதிரி தெரிவுசெய்தாக வேண்டும். ஆண் விண்ணப்பதாரர்கள் எல்லோரும் ‘அவர்’ ஆகவும், பெண்களில் சிலர் ‘அவள்’ ஆகவும் குறிப்பிடப்பட்டால், மதிப்பெண் சமமாக இருந்தாலும் மேலாளரின் கைக்குச் செல்லும் ஆவணம் சமமாக இல்லை. மதிப்பெண்ணை மட்டும் எண்ணும் சோதனைக்கு இது தெரியாது. சுருக்கக் குறிப்புகளைப் பெயரும் பாலினமும் நீக்கி, இணை எது என்று அறியாத இருவரிடம் தனித்தனியே கொடுத்து, மரியாதை விகுதியையும் பண்புச் சொற்களையும் எண்ணச் செய்ய வேண்டும். ‘தன்னம்பிக்கை உடையவர்’ என்ற சொல் யாருக்கு, ‘பணிவானவர்’ என்ற சொல் யாருக்கு என்ற கணக்கு அங்கிருந்து கிடைக்கும். அமேசான் நிறுவனம் உருவாக்கிப் பின்னர் கைவிட்ட தேர்வு மென்பொருளைப் பற்றி 2018இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி, பெண்களைச் சுட்டும் சொல் விண்ணப்பத்தில் இடம்பெற்றாலே அந்த மென்பொருள் மதிப்பைக் குறைத்ததை வெளிப்படுத்தியது. அங்கே பாகுபாடு மதிப்பெண்ணிலேயே நின்றது. மொழி மாதிரியின் காலத்தில் அது நடைக்குள்ளும் இடம்பெயரலாம்.

அடுத்த இடர்ப்பாடு, சாட்பாட் ஒரு படிவம் அல்ல, உரையாடல் என்பதில் இருக்கிறது. மகேஸ்வரியிடம் ‘இரவில் தாமதமானால் வீட்டில் ஒப்புக்கொள்வார்களா’ என்று கேட்டு, மகேஷிடம் கேட்காமல் விட்டால், அந்தக் கணத்திலிருந்து இரு உரையாடல்களும் இணைகள் அல்ல. ஒருவர் ஒரு வினாவுக்குக் கூடுதலாக விடை சொல்லியிருக்கிறார். அந்த விடையே மதிப்பெண்ணை மாற்றியிருக்கலாம். இதற்குத் தீர்வு, சோதனையை இரண்டாகப் பிரிப்பது. முதலாவதில் வினாக்களும் விடைகளும் முன்பே எழுதி உறையவைக்கப்பட்டவை. முழு உரையாடலும் ஒரே பதிவாகக் கொடுக்கப்பட்டு மதிப்பெண் மட்டும் கேட்கப்படும். மதிப்பீட்டில் பாகுபாடு உண்டா என்பதை இது சொல்லும். இரண்டாவதில் சாட்பாட் தன் போக்கில் வினவ விடப்படும். அளக்கப்படுவது மதிப்பெண் அல்ல, வினாக்கள். எந்த வினா யாரிடம், எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதே தரவு.

இரண்டாவது சோதனையைப் பலரும் செய்வதில்லை. ஆனால் இந்தியச் சூழலில் அதுவே கூர்மையானது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பணியமர்த்தும் மேலாளர்கள் பலர் ‘குடும்பப் பின்னணி’யைக் கேட்பதைத் தம் தொழிலின் இயல்பான பகுதியாகவே விவரித்தனர். சாதியைப் பார்ப்பதில்லை என்று உறுதியாகச் சொன்னவர்களே தந்தையின் தொழிலையும் வளர்ந்த இடத்தையும் பண்புக்குச் சான்றாகக் கொண்டனர். மேலாளர்களின் பழைய நேர்காணல் வினாக்களைக் கொண்டு ஒரு சாட்பாட் வடிவமைக்கப்பட்டால், அந்த வினாவும் கூடவே வந்துவிடும். ‘உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று அது கேட்கும்போது, லைனில் பிறந்த பெண்ணுக்கு உண்மையைச் சொல்வதே தன்னைக் குறைத்துக்கொள்வதாக முடியலாம். அந்த வினாவுக்கு வேலையோடு எந்தத் தொடர்பும் இல்லை என்பதால், இங்கே மதிப்பெண் வேறுபாடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வினாவை நீக்குவதே திருத்தம்.

எண்ணுவதிலும் ஒரு நுட்பம் உள்ளது. மொழி மாதிரி ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவதில்லை. ஆகவே இணைகளைக் கொடுப்பதற்கு முன், எந்த மாற்றமும் இல்லாத ஒரே விண்ணப்பத்தை இருமுறை கொடுத்துப் பார்க்க வேண்டும். 200 விண்ணப்பங்களை இப்படி இரட்டித்ததில் 22இல் முடிவு மாறியது என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். அடுத்து ராபர்ட்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் என முகவரி மட்டும் வேறுபட்ட 200 இணைகளைக் கொடுக்கிறோம். 92 இணைகளில் இருவரும் தேர்வு, 84இல் இருவரும் நிராகரிப்பு, 24இல் முடிவு வேறு. நிறுவனம் உடனே சொல்லும்: மாற்றமே செய்யாதபோது 22, முகவரியை மாற்றியபோது 24, இது வெறும் இரைச்சல்.

அந்த வாதம் எண்ணிக்கையைப் பார்க்கிறது, திசையைப் பார்க்கவில்லை. இரைச்சலுக்குத் திசை கிடையாது. 24 இணைகளில் ஏறத்தாழப் பாதியில் ஒருவரும் பாதியில் மற்றவரும் தேர்வாகியிருக்க வேண்டும். 14க்கு 10 என்று பிரிந்திருந்தால், தற்செயலாகவே அவ்வளவு அல்லது அதைவிட அதிகம் சாயும் வாய்ப்பு நூற்றுக்கு 54. அதிலிருந்து எதையும் முடிவுகட்ட இயலாது. 18 இணைகளில் ராபர்ட்சன்பேட்டையும் 6இல் மட்டும் சாம்பியன் ரீஃபும் தேர்வாகியிருந்தால், தற்செயலுக்கான அந்த வாய்ப்பு நூற்றுக்கு 2 என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். நாணயத்தைச் சுண்டும் கணக்குதான் இது. புள்ளியியலில் மெக்நீமர் சோதனை என்று பெயர். ஒத்துப்போன 176 இணைகளும் இதில் எதுவும் பேசுவதில்லை.

இதே எண்களை அமெரிக்கா 1978இல் வகுத்த ‘ஐந்தில் நான்கு’ விதியில் இட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ஒரு பிரிவின் தேர்வு வீதம் மற்றதன் 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அது ஐயத்திற்குரியது என்கிறது விதி. இங்கே ராபர்ட்சன்பேட்டை முகவரிக்கு 110 தேர்வு (92ஓடு 18), சாம்பியன் ரீஃபுக்கு 98 (92ஓடு 6). விகிதம் 89 விழுக்காடு. விதிப்படி சாட்பாட் தேறிவிட்டது. அதே தரவு, இரண்டு தீர்ப்புகள். ஐந்தில் நான்கு விதி வெவ்வேறு மனிதர்களைக் கொண்ட கூட்டங்களுக்காக வகுக்கப்பட்டது. அங்கே தகுதி வேறுபாட்டுக்குச் சற்று இடம் விட வேண்டியிருந்தது. முகவரி தவிர எல்லாமே ஒன்றாக உள்ள இணையில் அத்தகைய சலுகைக்கு என்ன நியாயம் இருக்கிறது? எந்த அளவுகோலால் தேறியது என்று சொல்லாத சான்றறிக்கையை ஏற்கவே கூடாது.

மொழி குறித்த ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒரே விடையைத் தமிழ் எழுத்திலும் ஆங்கிலத்திலும் கொடுத்து வேறுபாடு கண்டால், அதை உடனே தமிழர்மீதான பாகுபாடு என்று எழுதிவிடக் கூடாது. தமிழ் எழுத்துரு கணினியில் அதிக இடம் பிடிப்பது. மாதிரி அதைப் பல துண்டுகளாக வெட்டியே படிக்கிறது. உள்ளீட்டுக்கு நீள வரம்பு வைத்திருக்கும் சாட்பாட்டில் தமிழ் விடையின் இறுதிப் பகுதி சென்றடையாமலே போகலாம். கண்டுபிடிக்கும் வழி எளிது: விடையின் கடைசி வாக்கியத்தில் மட்டும் இடம்பெறும் ஒரு செய்தியை, சுருக்கக் குறிப்பில் தேடுவது. அது காணப்படாவிட்டால் கோளாறு மதிப்பீட்டில் அல்ல, வரம்பில். விண்ணப்பதாரருக்கு விளைவு ஒன்றுதான் என்றாலும், திருத்தம் வேறு.

இவ்வளவு செய்த பிறகும் இணைச் சோதனைக்கு எல்லைகள் உண்டு. வேறுபாடு இருக்கிறது என்று அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. நாம் எண்ணிப் பார்த்த குறிகளை மட்டுமே அது சோதிக்கும். மாதிரி புதுப்பிக்கப்பட்டால் முடிவு காலாவதியாகிவிடும். இயங்கிக்கொண்டிருக்கும் பணித்தேர்வில் போலி விண்ணப்பங்களை நூற்றுக்கணக்கில் செலுத்துவது உண்மையான விண்ணப்பதாரரின் இடத்தைப் பறிக்கக்கூடும் என்பதால், நிறுவனம் தனிச் சோதனைப் பிரதியைத் திறந்துவிட்டால்தான் இதை முறையாகச் செய்ய இயலும். அப்படித் திறக்குமாறு கேட்கும் ஏற்பாடு இங்கே வர வேண்டும். நியூயார்க் நகரம் 2023 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தும் 144ஆம் உள்ளூர்ச் சட்டம், தானியங்கிப் பணித்தேர்வுக் கருவிகளுக்கு ஆண்டுதோறும் சார்புத் தணிக்கையைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆனால் அதன் பிரிவுகள் பாலினமும் இனமும். அதை அப்படியே பெயர்த்து இங்கே நட்டால், சாதி என்ற கட்டமே இல்லாத ஒரு தணிக்கைப் படிவம் நமக்குக் கிடைக்கும்.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது இங்கேதான் இருக்கிறது. ஒரு சாட்பாட்டை எப்படி இயக்குவது என்பதைக் கணினித் துறை அறியும். தன்மை வினைமுற்றில் பால் இல்லை என்பதை மொழியியல் துறை அறியும். எந்த லைனின் பெயர் எதை உணர்த்துகிறது என்பதைத் தங்கவயலில் வளர்ந்த மாணவர் அறிவார். இம்மூன்றில் மூன்றாவது அறிவுக்கு இதுவரை ஆய்வு முறையியலில் இடம் தரப்படவில்லை. அது களத் தகவல் என்று அடிக்குறிப்புக்குத் தள்ளப்படுகிறது. சாதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாதவர் வடிவமைக்கும் இணை, சாதியைச் சோதிக்காது. ஆகவே ஒரு சாட்பாட்டுக்குப் பாகுபாடு இல்லை என்ற சான்றறிக்கையைக் காணும்போது முதலில் கேட்க வேண்டியது மதிப்பெண்களை அல்ல. எந்தச் சொல்லை மாற்றினீர்கள், அந்தச் சொல் அந்த ஊரில் எதை உணர்த்தும் என்று யாரிடம் கேட்டறிந்தீர்கள் என்ற இரண்டு வினாக்களையே. இவற்றுக்கு விடை இல்லாத அறிக்கை, மாரிக்குப்பத்தில் ரயில் ஏறும் பெண்ணைப் பற்றி எதையும் சொல்லவில்லை.